செல்போன்தான் கார் சாவி என்றால்: சார்ஜ் தீர்ந்த பிறகும் கதவைத் திறக்க ஒரு வழிகாட்டி

மூன்று சதவீதம் சார்ஜ் மிச்சமிருந்தபோது என் போனை நானே அணைத்து வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து காரை எடுக்க அந்த மூன்று சதவீதம் வேண்டுமே என்ற கவலைதான் காரணம். திரும்பி வந்து கதவுக் கைப்பிடியில் போனை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பவர் பட்டனை அழுத்தினேன். லோகோ வந்தது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பாஸ்கோடு கேட்கும் திரை வருவதற்குள் போன் மறுபடி அணைந்துவிட்டது. அதன் பிறகு கைப்பிடியில் எத்தனை முறை வைத்தும் கார் அசையவில்லை.

சிக்கனம் என்று நினைத்து நான் செய்ததுதான் என்னை வெளியே நிறுத்தியது. அணைக்காமல் விட்டிருந்தால் போன் தானாகச் செத்துப்போயிருக்கும். ஆனால் கதவு திறந்திருக்கும். இது கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை. ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், டிஜிட்டல் சாவியை எப்படி அமைத்துக்கொள்வது, எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். புதிதாக இந்தச் சாவியை எடுத்துக்கொள்கிறவர்களுக்காக அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒரே சாவி, இரண்டு வழிகள்

போனில் இருக்கும் கார் சாவி காரோடு இரண்டு விதமாகப் பேசும். முதலாவது என்எஃப்சி. கடையில் போனைத் தட்டிப் பணம் கட்டுகிறோமே, அதே தொழில்நுட்பம். சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் வேலை செய்யும். கைப்பிடியில் போனைத் தொட வைத்தால் கதவு திறக்கும். உள்ளே வந்து, சென்டர் கன்சோலில் அதற்கென்று இருக்கும் தட்டில் போனை வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

இரண்டாவது அல்ட்ரா வைட்பேண்ட். இதில் போனைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். நீங்கள் நடந்து வரும்போதே புளூடூத் வழியாகக் கார் உங்கள் போனை அடையாளம் கண்டுகொள்ளும். அதன் பிறகு அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ துடிப்புகளை அனுப்பி, அவை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும். ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். அந்த நேரத்தை வைத்தே நீங்கள் கதவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள், காருக்கு வெளியே நிற்கிறீர்களா உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கார் கணக்குப் போட்டுவிடும்.

இப்படி நேரத்தை அளப்பதற்கு முக்கியமான காரணம் திருட்டு. பழைய கீலெஸ் ரிமோட்டில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை இரண்டு பேர் கருவி வைத்து இழுத்து நீட்டி, வாசலில் நிற்கும் காரைத் திறந்துகொண்டு போக முடிந்தது. சிக்னல் பலமாக இருந்தால் சாவி பக்கத்தில் இருக்கிறது என்று அந்தக் கார் நம்பிவிடும். நேரத்தை அளக்கும் காரிடம் அந்த வேலை பலிக்காது. சிக்னலைப் பெருக்கிக் காட்டலாம், அது கடந்து வந்த தூரத்துக்கான நேரத்தைக் குறைத்துக் காட்ட முடியாது.

கார் கம்பெனிகளும் போன் கம்பெனிகளும் சேர்ந்த கார் கனெக்டிவிட்டி கன்சோர்டியம் என்ற கூட்டமைப்புதான் இதற்கான பொதுத் தரத்தை வகுக்கிறது. 2020-ல் வந்த இரண்டாவது பதிப்பில் என்எஃப்சி இருந்தது. 2021-ல் வந்த மூன்றாவது பதிப்பில் புளூடூத்தும் அல்ட்ரா வைட்பேண்டும் சேர்ந்தன. ஆனால் என்எஃப்சியை எடுத்துவிடவில்லை. சார்ஜ் தீர்ந்த போனுக்கு அதுதான் கைகொடுக்கும் என்பதால் அதை விட்டுவைத்திருப்பது மிகச் சரியான முடிவு.

வாங்கும் முன், அமைக்கும் முன் பார்க்க வேண்டியது

"போனில் திறக்கும்" என்று விற்பனையாளர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த வழியில் திறக்கும் என்று கேளுங்கள். கம்பெனி ஆப்பும் புளூடூத்தும் மட்டும் வைத்துத் திறக்கும் கார்கள் உண்டு. அவற்றில் போன் அணைந்தால் போன் வழியாக வேறு வழியே கிடையாது. அதற்கென்று கொடுக்கும் அட்டைதான் கதி. டெஸ்லாவில் போன் சாவி புளூடூத்தை நம்பியே தொடங்கியது. அதனால்தான் அவர்கள் கார்டு சாவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள தூணில் அந்தக் கார்டை வைத்தால் திறக்கும்.

போன் பக்கத்தில், ஐபோன் என்றால் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களிலிருந்து என்எஃப்சி கார் சாவி வேலை செய்யும். பையிலேயே வைத்துக்கொண்டு திறக்க ஐபோன் 11 அல்லது அதற்குப் பிறகு வந்த, அல்ட்ரா வைட்பேண்ட் சிப் உள்ள மாடல் வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்தச் சிப் பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில்தான் இருக்கும். சிப் இல்லாத போன் என்றாலும் என்எஃப்சி சாவி கிடைக்கலாம். ஆகவே உங்கள் கார் மாடல், உங்கள் போன் மாடல் இரண்டும் கார் கம்பெனியின் பட்டியலில் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போன் கவரையும் ஒரு பார்வை பாருங்கள். பின்னால் இரும்புத் தகடு ஒட்டிய கவர், மோதிரம் வைத்த கவர், கார்டுகள் செருகிய கவர் இவையெல்லாம் என்எஃப்சியை மறைக்கும். "சில சமயம் திறக்கிறது, சில சமயம் திறக்கவில்லை" என்று வரும் புகார்களில் கவர்தான் காரணமாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

சாவியைப் போனில் சேர்ப்பது

இதற்கு அவசரமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காருக்குள் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். காரோடு வந்த ரிமோட் சாவிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில கார்கள் இரண்டு சாவியும் உள்ளே இருந்தால்தான் புதுச் சாவி சேர்க்க அனுமதிக்கும். போனில் நெட் இருக்க வேண்டும், திரைப் பூட்டு போட்டிருக்க வேண்டும், சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்க வேண்டும். சார்ஜும் நன்றாக இருக்கட்டும்.

கார் கம்பெனியின் ஆப்பிலோ காரின் திரையிலோ டிஜிட்டல் சாவி என்ற இடத்துக்குப் போய்த் தொடங்குங்கள். காருக்கும் போனுக்கும் பொதுவான ஒரு குறியீடு வரும். சில கம்பெனிகளில் அது ஆப்பிலிருந்து தானாகவே போய்விடும், சிலவற்றில் நீங்கள் அடிக்க வேண்டும். பிறகு போனைக் கன்சோல் தட்டில் வைக்கச் சொல்லும். வைத்த பிறகு எடுக்காதீர்கள். ஓரிரு நிமிடம் ஆகலாம். நடுவில் போனை நகர்த்தினால் இணைப்பு அறுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஐபோனில் என்எஃப்சி ஆன்டெனா மேல்முனையில் இருக்கும், பல ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுப்பகுதியில் இருக்கும். தட்டில் இருக்கும் குறிக்கு நேராக அந்தப் பகுதி வருகிறதா என்று பார்த்து வையுங்கள்.

இணைப்பு முடிந்ததும் போனின் வாலட் ஆப்பில் காரின் படத்தோடு சாவி வந்து உட்காரும். பின்னணியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொண்டது. அந்த ரகசியம் அந்தச் சிப்பை விட்டு வெளியே வராது. அதற்கு இணையான பொதுச் சாவி மட்டும் காரிடம் போனது. இனி ஒவ்வொரு முறையும் கார் ஒரு புதுக் கேள்வியை அனுப்பும், போன் அதற்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும், கார் அதைச் சரிபார்க்கும். இந்த மூன்றும் காருக்கும் போனுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுவதால் திறப்பதற்கு நெட் தேவையில்லை. டவர் கிடைக்காத அடித்தளப் பார்க்கிங்கிலும் திறக்கும். அதேபோல, சாவி அந்தச் சிப்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் புதுப் போன் வாங்கினால் பேக்கப்பில் சாவி கூட வராது. மறுபடி காருக்குள் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். பழைய போனை விற்பதாக இருந்தால் அதிலிருந்து சாவியை முதலில் நீக்கிவிடுங்கள்.

சேர்த்தவுடன் சரிபார்க்க வேண்டிய ஒரு செட்டிங்

வாலட்டில் சாவியைத் திறந்து, அதன் விவரங்களில் எக்ஸ்பிரஸ் மோட் என்று ஒன்று இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால் முகம் காட்டாமல், விரல் வைக்காமல், திரையைத் தொடாமலே கார் திறக்கும். ஆஃப் ஆகியிருந்தால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் என்று போன் உறுதி செய்துகொள்ளும்.

பாதுகாப்பு என்று நினைத்துச் சிலர் இதை அணைத்து வைக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் மோட் ஆன் ஆகியிருக்கும் போனைத் திருடியவன் காரையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சார்ஜ் தீர்ந்து அணைந்த போனால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே எக்ஸ்பிரஸ் மோட் ஆஃப் என்றால், அணைந்த போன் ஒருபோதும் காரைத் திறக்காது. நான் அதை ஆன் செய்தே வைத்திருக்கிறேன். போன் தொலைந்தால் காரின் மெனுவிலிருந்தோ கம்பெனி ஆப்பிலிருந்தோ அந்தச் சாவியை நீக்கிவிடலாம். போனைத் தொலைந்ததாகக் குறித்தும் சாவியை முடக்கலாம்தான், ஆனால் அந்தக் கட்டளை போய்ச் சேரப் போன் நெட்டில் இருக்க வேண்டும். காரின் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது உறுதியான வழி.

ஆண்ட்ராய்டில் என்எஃப்சி செட்டிங்கிலும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். லாக் நீக்கினால்தான் என்எஃப்சி வேலை செய்ய வேண்டும் என்ற விருப்பம் சில போன்களில் இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால், பூட்டிய போனைக் கைப்பிடியில் வைத்துப் பயனில்லை.

சார்ஜ் தீரும்போது என்ன நடக்கிறது

ஐபோனை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் இது தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. சார்ஜ் குறைந்து போன் தானாக அணையும்போது பேட்டரி சுத்தமாக வற்றிவிடுவதில்லை. போனை ஓட்டப் போதாது, ஆனால் என்எஃப்சி சிப்பையும் பாதுகாப்புச் சிப்பையும் மட்டும் உயிரோடு வைக்கப் போதும் என்ற அளவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் கார் சாவி 5 மணி நேரம் வரை வேலை செய்யும் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய பேட்டரி என்றால் குறையலாம்.

அந்த நிலையில் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் காலி பேட்டரியின் படம் வரும். அதோடு எக்ஸ்பிரஸ் கார்டுகளைப் பயன்படுத்தலாம் என்ற பொருளில் ஒரு வரியும் தெரியும். அந்த வரி இருந்தால் சாவி உயிரோடு இருக்கிறது. ஆனால் அதை அடிக்கடி அழுத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திரை எரியும்போதும் அந்தக் கொஞ்சநஞ்ச மிச்சம்தான் செலவாகிறது. ஒரு முறை பார்த்தால் போதும், பார்க்காமல் நேரே கதவுக்குப் போனால் இன்னும் நல்லது.

இந்த மிச்ச சக்தியில் அல்ட்ரா வைட்பேண்ட் ஓடாது, புளூடூத்தாலும் காரை எழுப்ப முடியாது. வழக்கம்போலப் பையில் வைத்துக்கொண்டு கதவை இழுத்தால் திறக்காது. இங்குதான் பலர் பதறிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் போனை வெளியே எடுக்காமலே காரைத் திறந்து பழகியவருக்கு, கைப்பிடியில் தொட வைக்க வேண்டும் என்பதே நினைவுக்கு வராது. போனை எடுங்கள். ஐபோனின் மேல்முனையைக் கைப்பிடியில் ஒட்டி வைத்து, இரண்டு மூன்று விநாடி ஆடாமல் பிடியுங்கள். திரையில் எதுவும் தெரியாது, போன் லேசாக அதிரும், அவ்வளவுதான். பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் மட்டுமே என்எஃப்சி ரீடர் இருக்கும். மற்றக் கதவுகளில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். மெனுவில் போய் நீங்களே போனை அணைத்தால் இந்த ஏற்பாடு கிடையாது. சார்ஜ் தீர்ந்து தானாக அணைந்தால் மட்டுமே உண்டு. அதோடு, அணைத்த போனை மறுபடி ஆன் செய்தால் ஒரு முறையாவது பாஸ்கோடு அடித்த பிறகுதான் எக்ஸ்பிரஸ் மோட் விழிக்கும். என் போன் லோகோவைக் காட்டுவதிலேயே மிச்சச் சக்தியைத் தின்று தீர்த்தது, பாஸ்கோடு அடிக்கவே வழியில்லாமல் அணைந்தது. இரண்டு வழியும் ஒரே நிமிடத்தில் மூடிக்கொண்டன.

ஆகவே சார்ஜ் குறையும்போது செய்ய வேண்டியது இதுதான்: திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், குறைந்த மின்சக்தி மோடைப் போடுங்கள், போனைத் தொடாமல் பையில் வையுங்கள். அணைக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டில் இது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் என்எஃப்சி சாவி வேலை செய்யும், சிலவற்றில் போன் அணைந்த நொடியே சாவியும் போய்விடும். ஐபோனோ ஆண்ட்ராய்டோ, யார் என்ன சொன்னாலும் நீங்களே சோதித்துப் பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

வீட்டு வாசலில் ஒரு சோதனை

ரிமோட் சாவியை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது காருக்குப் பக்கத்தில் இருந்தால் திறந்தது போனா ரிமோட்டா என்று தெரியாமல் போகும். போனில் வீடியோ ஓடவிட்டு, அது தானாக அணையும் வரை விடுங்கள். அணைந்த பிறகு பத்து நிமிடம் சும்மா இருங்கள். இப்போது கைப்பிடியில் வையுங்கள். திறந்தால் உள்ளே போய்த் தட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கதவு திறப்பது ஒரு பாதி, வண்டி கிளம்புவது மறுபாதி. இரண்டையும் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி இறங்கி, கைப்பிடியில் வைத்துப் பூட்டியும் பாருங்கள். பிறகு போனை அப்படியே விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை வந்து வையுங்கள். உங்கள் போன், உங்கள் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் யாரும் தர முடியாது.

என் தவறுக்குப் பிறகு நான் இதைச் செய்து பார்த்தேன். தானாக அணைந்த போன் முதல் முயற்சியிலேயே கதவைத் திறந்தது. ஸ்டார்ட் செய்யும்போதுதான் தடுமாறினேன். போனைத் தட்டில் வழக்கம்போல அலட்சியமாகப் போட்டேன், கார் சாவியைக் காணோம் என்றது. இரண்டு விரல் அகலம் மேலே தள்ளி வைத்ததும் எடுத்துக்கொண்டது. சார்ஜ் இருந்த நாட்களில் அல்ட்ரா வைட்பேண்டே போன் உள்ளே இருப்பதைக் காருக்குச் சொல்லிவிட்டதால், தட்டில் எங்கே வைக்க வேண்டும் என்பதையே நான் அதுவரை கவனித்ததில்லை. இப்போது அந்த இடம் கைக்குப் பழகிவிட்டது.

பவர் பேங்க் கிடைத்தால் வரிசையை மாற்றாதீர்கள்

பதற்றத்தில் எல்லோரும் செய்வது, அணைந்த போனை உடனே சார்ஜில் போடுவது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தானாக அணைந்து மிச்ச சக்தியில் இருக்கும் போன், சார்ஜ் ஏறியதும் தானே ஆன் ஆகும். ஆன் ஆகிவிட்டால் அது புதிதாக விழித்த போன், பாஸ்கோடு அடிக்கும் வரை எக்ஸ்பிரஸ் மோட் இல்லை. இரண்டு நிமிடத்தில் வயரைப் பிடுங்கினால், பாஸ்கோடு அடிக்கும் முன்பே அது மறுபடி அணையலாம். அப்போது முன்பு இருந்த நிலையைவிட மோசமான நிலையில் நிற்பீர்கள்.

ஆகவே முதலில் கைப்பிடியில் வையுங்கள். திறந்தால் உள்ளே போய் ஸ்டார்ட் செய்துவிட்டு, காரிலேயே சார்ஜ் போடுங்கள். திறக்காவிட்டால் மட்டும் பவர் பேங்க்கைத் தேடுங்கள். அப்போது, போன் ஆன் ஆகி, நீங்கள் பாஸ்கோடு அடித்து, கதவு திறந்து, வண்டி ஸ்டார்ட் ஆகும் வரை வயரைப் பிடுங்காதீர்கள். அன்று எனக்கு, நாலு கார் தள்ளி நின்ற ஒரு தம்பி பவர் பேங்க் கொடுத்தார். "அண்ணா, அஞ்சு பர்சன்ட் ஏறட்டும், அப்புறம் எடுங்க" என்றார். பொறுமையாக நின்றோம். பாஸ்கோடு அடித்த மறுவிநாடி, நான் போனைக் கைப்பிடிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அல்ட்ரா வைட்பேண்டும் அதற்குள் விழித்துவிட்டது.

காருக்குள் சார்ஜ் போடும்போதும் இதையே நினைவில் வையுங்கள். பல கார்களில் என்எஃப்சி தட்டும் வயர்லெஸ் சார்ஜரும் ஒன்றே. அணைந்த போனை வைத்து ஸ்டார்ட் செய்தீர்கள், சார்ஜ் ஏறுகிறது, வழியில் போன் தானே ஆன் ஆகிறது. அப்போது வண்டியை எங்காவது பாதுகாப்பாக நிறுத்தி, எஞ்சினை அணைப்பதற்கு முன்பே பாஸ்கோடு அடித்துவிடுங்கள். அடிக்காமல் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், கார் சாவியைக் கேட்கும், போன் பேசாது.

ஓடும்போது போன் அணைந்தால்

ஒன்றும் ஆகாது. சாவி இருக்கிறதா என்ற சோதனை ஸ்டார்ட் செய்யும்போதுதான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் போன் அணைந்த காரணத்துக்காகக் கார் நிறுத்தாது. சாவியைக் காணோம் என்று ஒரு எச்சரிக்கை வரலாம். அது வந்தால், போகும் இடம் சேரும் வரை எஞ்சினை அணைக்காமல் போவது உத்தமம். எரிபொருள் போட நிறுத்தினால் அணைத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே சார்ஜரைச் செருகி, பாஸ்கோடு அடித்த பிறகு அங்கே போங்கள்.

இறங்கிப் பூட்டும்போதும் கவனம் தேவை. விலகி நடந்தால் தானே பூட்டிக்கொள்ளும் வசதி, போன் விலகிப் போவதைக் கார் அளந்து செய்வது. அணைந்த போனை அளக்க முடியாது. கைப்பிடியில் வைத்துப் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காரின் பேட்டரி இறங்கிவிட்டால்

இதுவரை போனின் பேட்டரியைப் பற்றியே பேசினோம். காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால், போனில் நூறு சதவீதம் இருந்தும் பயனில்லை. கைப்பிடியில் உள்ள ரீடருக்கு மின்சாரம் தருவது அந்தப் பேட்டரிதான். அட்டைச் சாவியும் அதே ரீடரைத்தான் நம்பியிருக்கிறது, அதுவும் பயன்படாது. அப்போது திறப்பது ரிமோட் சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவி. ரிமோட்டின் பக்கத்தில் ஒரு சிறு பொத்தானை நகர்த்தினால் அது கழன்று வரும். கதவில் அதற்கான துளை சில கார்களில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அது எங்கே என்று இன்றைக்கே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கார் பல வாரம் ஓடாமல் நின்றிருந்தால், அதை எடுக்கப் போகும்போது ரிமோட்டையும் கொண்டுபோங்கள்.

துணைக்கு என்ன வைத்துக்கொள்ளலாம்

அட்டைச் சாவிக்குப் பேட்டரியே கிடையாது. ரீடர் வீசும் காந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளும். அதனால் அது சார்ஜ் தீராத சாவி, பர்ஸில் வைக்க நல்ல துணை. சில கார்களில் அந்த அட்டையை முதலில் ஒரு முறை கார் மெனுவில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். உறையோடு அலமாரியில் கிடக்கும் அட்டை திறக்காது. செய்துவிட்டு ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அதைப் போன் கவருக்குப் பின்னால் செருகி வயர்லெஸ் சார்ஜரில் வைக்காதீர்கள். சார்ஜரின் புலம் அட்டையின் சிப்பைப் பொசுக்கிவிடக்கூடும். போன் தொலைந்தால் அட்டையும் கூடவே தொலையும் என்பது அதற்கு மேல் ஒரு காரணம்.

வாட்ச்சில் சாவி சேர்க்க முடிந்தால் சேருங்கள். அதற்கென்று தனிச் சாவி உருவாகும், போன் அணைந்தாலும் அது தன்பாட்டுக்கு வேலை செய்யும். வீட்டில் இன்னொருவருக்குச் சாவியைப் பகிர்ந்து கொடுப்பதும் அப்படியே, உங்கள் போன் அணைந்திருந்தாலும் அவர் போன் திறக்கும். ஆனால் பகிர்வதற்கு நெட்டும் உயிருள்ள போனும் வேண்டும். பூட்டிய காருக்கு முன்னால் அணைந்த போனோடு நின்றுகொண்டு பகிர முடியாது. இதையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

என் பர்ஸில் இப்போது அட்டை இருக்கிறது. மனைவியின் போனில் ஒரு சாவி. ரிமோட் வீட்டு மேஜை இழுப்பறையில், அதன் இரும்புச் சாவி எளிதாகக் கழல்கிறதா என்று பார்த்த பிறகு வைத்தது. போன் மூன்று சதவீதம் காட்டினால் அதை அப்படியே பையில் போட்டுவிடுகிறேன்.